கலண்டரில் திதி காணாமல் போனால்: கொழும்பில் திவசத்துக்கு நாள் பார்ப்பது எப்படி

போன வருடம் அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு நாள் பார்க்க வெள்ளவத்தை வீட்டில் கலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பாவின் திதி ஆவணி அபரபக்கத் திரயோதசி. திங்கட்கிழமைத் தாளில் ஏகாதசி என்று இருந்தது. செவ்வாய் துவாதசி. புதன் சதுர்த்தசி. நடுவில் வரவேண்டிய திரயோதசியைக் காணவில்லை. அச்சுப் பிழை என்று நினைத்துக் கொட்டாஞ்சேனையில் இருக்கும் பெரியம்மாவுக்குப் போன் எடுத்தேன். அவர் வீட்டுக் கலண்டரில் செவ்வாய்க்கிழமையே திரயோதசி. அங்கே துவாதசியைக் காணவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் அக்காவின் கலண்டரிலோ திங்கள் துவாதசி, செவ்வாய் திரயோதசி, புதன் சதுர்த்தசி என்று எல்லாம் ஒழுங்காக இருந்தன.

திதி இல்லாவிட்டால் அடுத்த நாள் செய்யலாம் என்று யாரோ சொன்னதை நம்பிப் புதன்கிழமைக்கு மண்டபம் எடுத்தேன், சாப்பாட்டுக்குச் சொன்னேன், யாழ்ப்பாணத்திலிருந்து வரும் சொந்தங்களுக்கும் அறிவித்தேன். அந்தப் புதனுக்கு நான்கு நாட்களுக்கு முன் குருக்களிடம் பேசியபோதுதான் அது தவறு என்று தெரிந்தது. அதன் பிறகு பஞ்சாங்கத்தைப் படிக்கப் பழகினேன். நீங்கள் அந்தத் தடுமாற்றம் இல்லாமல் நாள் குறிப்பதற்காக, நான் செய்யும் ஒழுங்கில் இதை எழுதுகிறேன்.

1. முதலில் உங்கள் வீட்டுத் திதியை உறுதிப்படுத்துங்கள்

ஆண்டுத் திவசத்துக்கு மூன்று விஷயங்கள் வேண்டும்: தமிழ் மாதம், பூர்வபக்கமா அபரபக்கமா என்பது, திதி. திகதி இதில் வராது. மரணச் சான்றிதழில் இருப்பது திகதி. இரண்டு சொல்லும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் ஒலிப்பதால் பேச்சில் அடிக்கடி குழம்பிப்போகும். இளையவர்களிடம் கேட்கும்போது எதைக் கேட்கிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

திதியைத் தேட மிக நல்ல இடம் 31ஆம் நாளன்று அச்சிட்ட கல்வெட்டுப் புத்தகம். அதில் திதி வெண்பா இருக்கும். வெண்பாவில் ஆண்டு, மாதம், பக்கம், திதி எல்லாம் வந்துவிடும். அலுமாரியில் தேடினால் கிடைக்கும், அல்லது சொந்தக்காரர் யாரிடமாவது ஒரு பிரதி இருக்கும்.

கல்வெட்டு இல்லாவிட்டால் இறந்த நாளையும் நேரத்தையும் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே நேரம்தான் முக்கியம். உயிர் பிரிந்த வேளையில் எந்தத் திதி நடந்ததோ அதைத்தான் எடுப்பார்கள். அன்றைய கலண்டர் தாளில் இருந்த திதியை எடுத்துவிடாதீர்கள். தாளில் தசமி என்று போட்டிருக்கலாம். தசமி காலை 11 மணிக்கு முடிந்து, அவர் மாலை 4 மணிக்கு இறந்திருந்தால் திதி ஏகாதசி. நேரத்தை ஆஸ்பத்திரிக் காகிதங்களில் பாருங்கள். இல்லாவிட்டால் அருகில் இருந்தவர்களைக் கேளுங்கள்.

இலங்கைக்காரருக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கலும் உண்டு. 1996 மே மாதம் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி நேரம் பின்னே எடுத்தார்கள். மிச்ச அரை மணியை 2006 ஏப்ரலில்தான் எடுத்தார்கள். ஆகவே அந்தப் பத்து வருடத்துக்குள் இறந்தவர் என்றால், எழுதி வைத்த நேரம் இன்றைய கணக்கைவிட அரை மணியோ ஒரு மணியோ கூடுதலாக இருக்கும். வன்னியில் பழைய நேரத்தையே பாவித்தவர்களும் இருந்தார்கள். கைத்தொலைபேசியில் அந்த நாளைப் போட்டுத் திதி பார்க்கும்போது, அந்தச் செயலி எந்த நேரத்தில் கணக்குப் போடுகிறது என்று பாருங்கள். திதி மாறும் நேரத்துக்கு அரை மணி முன்பின்னாக இறந்திருந்தால் இது திதியையே மாற்றிவிடும்.

2. தாளில் இருப்பது எந்த நேரத்துத் திதி என்று புரிந்துகொள்ளுங்கள்

திதி என்பது சந்திரன் சூரியனை விட்டு விலகும் அளவு. 12 பாகை விலகினால் ஒரு திதி. 30 திதி சேர்ந்தால் ஒரு சுற்று. சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்குக் கிட்ட வரும்போது விரைவாக ஓடும், அப்போது ஒரு திதி 20 மணி நேரத்தில் முடிந்துவிடும். தூரத்தில் இருக்கும்போது மெதுவாகப் போகும், அப்போது 26 மணி 47 நிமிடம் வரை நீளும். சராசரி 23 மணி 37 நிமிடம். எனவே திதி காலை, மத்தியானம், நடுச்சாமம் என்று எந்த நேரத்திலும் மாறலாம்.

கலண்டர் தாளில் இடம் கொஞ்சம். அதனால் சூரியன் உதிக்கும்போது எந்தத் திதி இருக்கிறதோ அதன் பெயரை அன்றைக்குப் போட்டுவிடுகிறார்கள். சில தாள்களில் அது முடியும் நேரமும் சின்ன எழுத்தில் இருக்கும். இந்த ஒரு வழக்கத்தால்தான் ஒரு திதி தாளில் வராமல் பாய்ந்துவிடுவதும், ஒரே திதி இரண்டு தாளில் திரும்ப வருவதும் நடக்கிறது. காலையில் வகுப்புத் தொடங்கும்போது ஒரு தடவை மட்டும் பெயர் கூப்பிடும் ஆசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் கூப்பிட்ட பிறகு உள்ளே வந்து, அடுத்த நாள் பெயர் கூப்பிடுமுன் போய்விட்ட பிள்ளையின் பெயர் இடாப்பில் ஏறாது. ஆனால் அந்தப் பிள்ளை நாள் முழுக்க வகுப்பில்தான் இருந்தது.

எங்கள் வீட்டுக் கணக்கு இது. கொழும்பில் அந்த வாரம் சூரிய உதயம் காலை 6.03.

துவாதசி: திங்கள் காலை 9.38 முதல் செவ்வாய் காலை 6.44 வரை.
திரயோதசி: செவ்வாய் காலை 6.44 முதல் புதன் அதிகாலை 3.38 வரை.
சதுர்த்தசி: புதன் அதிகாலை 3.38 முதல் வியாழன் 12.26 வரை, அதாவது நடுச்சாமம் தாண்டி 26 நிமிடம்.

செவ்வாய் 6.03க்கு இருந்தது துவாதசி. அது 41 நிமிடம்தான் இருந்தது, ஆனாலும் தாளில் அதன் பெயர்தான் ஏறியது. திரயோதசி 6.44க்கு வந்து கிட்டத்தட்ட 21 மணி நேரம் இருந்துவிட்டு, புதன்கிழமைச் சூரியன் உதிக்குமுன் போய்விட்டது. இரண்டு உதயத்துக்கும் நடுவில் அகப்பட்டதால் அதன் பெயர் எங்கும் வரவில்லை. இதைத்தான் திதி க்ஷயம் என்கிறார்கள். ஒரே நாளுக்குள் மூன்று திதி தொடுவதால் பஞ்சாங்கத்தில் அந்த நாளை அவமாகம் என்று குறிப்பார்கள். கலியாணம் போன்ற சுபகாரியங்களுக்கு அதைத் தவிர்ப்பது வழக்கம்.

அக்காவின் கலண்டர் ஏன் ஒழுங்காக இருந்தது என்பதும் இதே கணக்குத்தான். திதி மாறும் கணம் உலகம் முழுக்க ஒன்று. சூரிய உதயம்தான் ஊருக்கு ஊர் வேறு. ரொறன்ரோ அந்த மாதத்தில் எங்களைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால். அங்கே திரயோதசி திங்கள் இரவு 9.14க்குத் தொடங்கிச் செவ்வாய் மாலை 6.08க்கு முடிகிறது. நடுவில் செவ்வாய்க்கிழமைச் சூரிய உதயம் வந்துவிடுகிறது. ஆகவே வெளிநாட்டு உறவினர் அனுப்பும் கலண்டர் படத்தை வைத்துக் கொழும்பில் நாள் குறிக்காதீர்கள். கைத்தொலைபேசிச் செயலி என்றால் ஊர் கொழும்பு என்று தெரிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். சென்னை என்று இருந்தாலும் உதயம் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வித்தியாசப்படலாம். திதி உதயத்தை ஒட்டி மாறும் நாளில் அந்தப் பத்து நிமிடம் போதும், ஒரு ஊரில் பாய்ந்த திதி மற்ற ஊரில் பாயாமல் இருக்க.

3. வாக்கியமா திருக்கணிதமா என்று குறித்துக்கொள்ளுங்கள்

பெரியம்மா கொழும்பில்தான் இருக்கிறார். அப்படியிருந்தும் அவர் கலண்டரில் வேறு திதி ஏன் காணாமல் போனது? அவருடையது வாக்கிய பஞ்சாங்கப்படி அச்சானது. எங்களுடையது திருக்கணிதம். வாக்கியம் பழைய வாய்பாட்டை வைத்துக் கணிப்பது. திருக்கணிதம் சந்திரன் வானத்தில் இன்று இருக்கும் நிலையை வைத்துக் கணிப்பது. திதி முடியும் நேரத்தில் இரண்டுக்கும் சில மணி நேரம் கூட வித்தியாசம் வரலாம்.

வாக்கியக்காரர் “பாண விருத்தி, ரச க்ஷயம்” என்று ஒரு வாசகம் சொல்வார்கள். பாணம் ஐந்து, ரசம் ஆறு. ஒரு நாளுக்கு 60 நாழிகை. அதில் ஐந்து கூடலாம், ஆறு குறையலாம். அதாவது திதி 65 நாழிகைக்கு மேல் போகாது, 54க்குக் கீழ் வராது. திருக்கணிதத்தில் இது ஏழு கூடும், பத்துக் குறையும். எனவே திருக்கணிதத்தில் திதி இன்னும் குறுகவும் நீளவும் இடம் உண்டு.

பெரியம்மாவின் பஞ்சாங்கத்தில் துவாதசி திங்கள் காலை 7.35 முதல் செவ்வாய் அதிகாலை 5.31 வரை. திரயோதசி அங்கிருந்து புதன் அதிகாலை 3.20 வரை. செவ்வாய் உதயத்துக்கு அரை மணி முன்பே திரயோதசி வந்துவிட்டதால் அதன் பெயர் தாளில் ஏறிவிட்டது. துவாதசி இரண்டு உதயத்துக்கும் நடுவில் அகப்பட்டுவிட்டது.

இரண்டில் எது சரி என்று குடும்பத்துக்குள் வாதாடி நான் இரண்டு இரவுகளை வீணாக்கினேன். அதற்குப் பதில், உங்கள் வீட்டில் அந்தியேட்டியும் முதலாம் ஆண்டும் எந்தப் பஞ்சாங்கப்படி செய்தார்கள் என்று கேட்டு அதையே தொடருங்கள். வருடா வருடம் மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் குழப்பம்.

4. முழுப் பஞ்சாங்கம் ஒன்றை வாங்குங்கள்

கிழிக்கும் தாள் கலண்டர் போதாது. வெள்ளவத்தை காலி வீதியிலோ செட்டியார் தெருவிலோ உள்ள புத்தகக்கடை, பூசைச் சாமான் கடைகளில் கேளுங்கள். ஒரு மண்டபத்துக்குக் கட்டும் முற்பணத்தோடு பார்த்தால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

வாங்கும் காலத்தில் கவனம் வேண்டும். கலண்டர் ஜனவரியில் தொடங்கும். பஞ்சாங்கம் சித்திரையில்தான் தொடங்கும். மாசி மாதத்தில் உட்கார்ந்து வரும் ஆவணிக்கு நாள் பார்க்க வேண்டுமானால், கையில் இருக்கும் பஞ்சாங்கம் பங்குனியோடு முடிந்துவிடும். புதியது கடைக்கு வரும்வரை மண்டபத்துக்குக் காசு கட்டாதீர்கள்.

உள்ளே திதிக்குப் பக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கும், நாழிகையும் விநாடியும். உதயத்திலிருந்து எவ்வளவு நேரம் அந்தத் திதி இருக்கும் என்பதே அது. ஒரு நாழிகை 24 நிமிடம், அதற்குள் 60 விநாடி. எங்கள் செவ்வாய்க்கிழமையில் துவாதசிக்கு 1.43 என்று இருந்தது. ஒரு நாழிகை 24 நிமிடம், 43 விநாடி 17 நிமிடம், சேர்த்து 41 நிமிடம். 6.03 உடன் கூட்டினால் 6.44. அதே நாளுக்குக் கீழே திரயோதசி 53.57 என்று இன்னொரு வரி. 53 நாழிகை 57 விநாடி என்றால் 21 மணி 35 நிமிடம். உதயத்திலிருந்து கூட்டினால் அடுத்த நாள் அதிகாலை 3.38.

ஒரு நாளுக்குக் கீழே இரண்டு திதிகளுக்கு முடிவு போட்டிருந்தால் இரண்டாவது திதி பாய்ந்துவிட்டது என்று அர்த்தம். கண்டுபிடிக்க இதைவிட எளிய அடையாளம் இல்லை.

மணிக்கணக்கில் அச்சான பஞ்சாங்கத்தில் ‘பின்னிரவு 3.38’ என்று இருக்கும். பஞ்சாங்கத்துக்கு நாள் என்பது உதயம் முதல் அடுத்த உதயம் வரை. எனவே செவ்வாய்க்குக் கீழே எழுதிய பின்னிரவு 3.38 எங்கள் கடிகாரத்தில் புதன் அதிகாலை. சில செயலிகளில் இதையே 27.38 என்று காட்டும், 24ஐக் கழித்துக்கொள்ளுங்கள். நான் முதலில் இதைச் செவ்வாய் அதிகாலை என்று படித்து, திரயோதசி தொடங்குமுன்பே முடிந்துவிட்டதாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

5. மத்தியானத்துக்குப் பிந்திய வேளையைப் பாருங்கள்

குருக்களிடம் நான் தாளைக் காட்டியபோது அவர் அதை வாங்கவே இல்லை. “தம்பி, திவசத்துக்குக் காலமைத் திதி பாக்கிறேல்லை. அபரான்னத்திலை என்ன திதி எண்டு பாருங்கோ” என்றார்.

பகலை ஐந்தாகப் பிரித்தால் நான்காவது பங்கு அபரான்னம். அந்தச் செவ்வாய் கொழும்பில் சூரியன் 6.03க்கு உதித்து மாலை 6.14க்கு மறைந்தது. பகல் 12 மணி 11 நிமிடம். ஐந்தில் ஒன்று 2 மணி 26 நிமிடம். உதயத்தோடு மூன்று பங்கைக் கூட்டினால் பிற்பகல் 1.21, அங்கிருந்து 3.47 வரை அபரான்னம். கொழும்பில் பகல் நீளம் பெரிதாக மாறுவதில்லை என்பதால் வருடம் முழுக்க இது ஒரு மணிக்குப் பிறகு தொடங்கி நாலு மணிக்குள் முடிந்துவிடும்.

இப்போது மேலே உள்ள கணக்கைத் திரும்பப் பாருங்கள். செவ்வாய் பிற்பகல் 1.21 முதல் 3.47 வரை என்ன திதி? திரயோதசி. திருக்கணிதத்திலும் திரயோதசி, வாக்கியத்திலும் திரயோதசி. தாளில் இரண்டும் சண்டை பிடித்தாலும் பிற்பகலில் ஒத்துப்போகின்றன. அப்பாவின் திவசம் செவ்வாய்க்கிழமைதான். நான் மண்டபம் எடுத்த புதன்கிழமைப் பிற்பகலில் இருந்தது சதுர்த்தசி.

எங்கள் வீட்டில் மட்டும் தற்செயலாக இப்படி அமைந்தது என்று நினைக்காதீர்கள். பாயும் திதி எப்போதும் உதயத்துக்குப் பிறகு தொடங்கி அடுத்த உதயத்துக்கு முன் முடிய வேண்டும். எவ்வளவு குறுகினாலும் 20 மணி நேரம் இருக்கும். அப்படியானால் அது உதயத்திலிருந்து நான்கு மணி நேரத்துக்குள், அதாவது காலை பத்தரைக்குள் தொடங்கியே ஆகவேண்டும். நள்ளிரவு தாண்டி ஒன்றே முக்காலுக்கு முன் முடியவும் வழியில்லை. ஆகவே தாளில் பெயர் இல்லாத திதி அன்றைய பிற்பகல், மாலை, நடுச்சாமம் எல்லாவற்றையும் முழுதாகப் பிடித்திருக்கும். திவசம் தவறிப்போக இடமே இல்லை. இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு மனம் ஆறியது. அப்பாவின் திதியைக் காணவில்லை என்ற எண்ணம் அதுவரை மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

இதற்குச் சாட்சி அதே தாளில் இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. செவ்வாய்க்கிழமைத் தாளில் மேலே துவாதசி, கீழே சிறிய எழுத்தில் பிரதோஷம். பிரதோஷம் மாலைவேளைத் திரயோதசியை வைத்துப் பார்ப்பது. துவாதசி நாளில் பிரதோஷம் எப்படி வரும் என்று கேட்டிருந்தால் அங்கேயே விடை கிடைத்திருக்கும்.

பக்கத்துத் திதிக்காரரும் கவனமாக இருக்க வேண்டும். எங்கள் வாரத்தில் துவாதசித் திவசம் உள்ளவர் தாளைப் பார்த்துச் செவ்வாய் என்று குறித்திருப்பார். ஆனால் துவாதசி பிற்பகலில் இருந்தது திங்கள் மட்டுமே, அதாவது தாளில் ஏகாதசி என்று போட்ட நாளில். திதி குறுகிப் பாயும் நாட்களில் தாளுக்கு ஒரு நாள் முந்திப் பாருங்கள் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம்.

6. ஒரே திதி இரண்டு நாளுக்குப் போட்டிருந்தால் முதல் நாளைப் பாருங்கள்

இது எதிர்ப்பக்கம். சின்னம்மா வீட்டில் ஒரு வருடம் பூர்வபக்கத் துதியை சனிக்கும் ஞாயிறுக்கும் போட்டிருந்தது. ஞாயிறு என்றால் எல்லோருக்கும் லீவு, வசதி என்று ஞாயிறைப் பிடிக்கப் பார்த்தார்கள்.

துதியை சனி அதிகாலை 5.20க்குத் தொடங்கி ஞாயிறு காலை 7.36க்கு முடிந்தது. 26 மணி 16 நிமிடம். சனி உதயம், ஞாயிறு உதயம் இரண்டையும் தொட்டதால் இரண்டு தாளிலும் பெயர் வந்தது. பஞ்சாங்கக் கணக்கில் வெள்ளியின் பின்னிரவு, சனி முழுக்க, ஞாயிறு காலை என்று மூன்று நாளைத் தொடுவதால் இதைத் திரிதினஸ்பிருக் என்பார்கள். முழுப் பஞ்சாங்கத்தில் சனிக்கிழமைக்கு நேரே 60 நாழிகை என்றோ நாள் முழுதும் என்றோ இருக்கும்.

ஞாயிறு 7.36க்குப் பிறகு திருதியை வந்துவிடுகிறது. அன்று பிற்பகல் திருதியைக்காரருடையது. துதியைத் திவசம் சனிக்கிழமைதான். இதுவும் எப்போதும் இப்படித்தான் முடியும்: திதி நீண்டாலும் 26 மணி 47 நிமிடத்தைத் தாண்டாது, எனவே இரண்டாவது நாளில் அது உதயத்திலிருந்து 3 மணி நேரம் கூட நிற்காது. இரண்டாம் நாள் பிற்பகலை எட்ட வழியே இல்லை.

லீவு நாளை விரும்புகிறவர்களுக்கு இது சங்கடம்தான். சின்னம்மா சனிக்கிழமை குருக்களை வீட்டுக்கு அழைத்துக் கிரியையைச் செய்து முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சொந்தங்களுக்குச் சாப்பாடு கொடுத்தார். எனக்கு அது நல்ல ஏற்பாடாகப் பட்டது.

7. இந்த இடங்களில் நீங்களாக முடிவெடுக்காதீர்கள்

தாளில் பாயாத திதியும் பிற்பகலில் பாயலாம். ஒரு திதி பிற்பகல் 3.55க்குத் தொடங்கி அடுத்த நாள் 1 மணிக்கு முடிந்தால், அடுத்த நாள் தாளில் அதன் பெயர் அழகாக இருக்கும், ஆனால் அபரான்னம் எதிலும் அது இருக்காது. 2.30க்குத் தொடங்கி அடுத்த நாள் 3 மணிக்கு முடிந்தால் இரண்டு அபரான்னத்திலும் பாதி பாதி இருக்கும். இதற்கெல்லாம் விதிகள் உண்டு, குடும்ப வழக்கமும் உண்டு. திதி பகல் 1 மணிக்கும் 4 மணிக்கும் இடையில், அல்லது அதை ஒட்டி மாறுகிறது என்று கண்டால் உடனே குருக்களிடம் கேளுங்கள். பஞ்சாங்கத்தில் ‘சிரார்த்த திதி’ என்று தனியாகக் கொடுத்திருந்தால் அதையும் பாருங்கள். கணித்தவர் இந்த வேலையை உங்களுக்காகச் செய்து வைத்திருக்கிறார்.

தமிழ் மாதம் 31, 32 நாள் வரை போகும், திதிச் சுற்று இருபத்தொன்பதரை நாள். அதனால் ஒரே மாதத்தின் தொடக்கத்திலும் கடைசியிலும் உங்கள் திதி வரலாம். பொதுவாகப் பின்னதை எடுப்பார்கள். இதையும் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

விரதங்களுக்கு இந்தப் பிற்பகல் கணக்கைப் போடாதீர்கள். பிரதோஷத்துக்கு மாலை, சிவராத்திரிக்கு நடுச்சாமம், ஏகாதசிக்கு உதயம் என்று ஒவ்வொன்றுக்கும் பார்க்கும் நேரம் வேறு.

8. காசு கட்டும் ஒழுங்கு

நான் தலைகீழாகச் செய்தேன்: முதலில் மண்டபம், பிறகு சாப்பாடு, பிறகு சொந்தங்கள், கடைசியில் குருக்கள். மண்டபத்துக்குக் கட்டிய முற்பணம் 15,000 ரூபாய் திரும்பி வரவில்லை. சாப்பாட்டுக்காரர் நல்ல மனிதர். மரக்கறி இன்னும் வாங்கவில்லை என்று நாளை மாற்றித் தந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வர இருந்த சித்தப்பாவின் ரயில் டிக்கட்தான் மாற்றக் கிடைக்கவில்லை. அவர் செவ்வாய் இரவுதான் வந்து சேர்ந்தார். அண்ணனின் திவசத்துக்கு வந்தவர் படைத்த இலையைக் கூடப் பார்க்கவில்லை. அது எனக்கு இன்னும் மனதில் இருக்கிறது.

இப்போது இரண்டு மாதத்துக்கு முன்பே பஞ்சாங்கத்தைப் பார்த்து, திதி தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் குருக்களிடம் கொண்டுபோகிறேன். நாளை அவர் வாயால் சொன்ன பிறகுதான் மண்டபம். ஒரே நாளில் பல வீடுகளுக்குப் போகிறவர்கள் அவர்கள், அதனால் வரும் நேரத்தையும் அப்போதே பேசிக்கொள்வது நல்லது. தாளை வீட்டில் கொடுத்து, அதையே படம் எடுத்துக் குடும்பத்து வட்ஸ்அப்புக்கும் அனுப்புகிறேன். வெறும் நாளை மட்டும் அனுப்பினால் ஆளுக்கொரு கலண்டரைப் பார்த்துப் போன் எடுப்பார்கள். இந்த வருடம் அனுப்பியதில் இப்படி எழுதியிருந்தேன்: திதி எந்தப் பஞ்சாங்கப்படி, கொழும்பு நேரப்படி எப்போது தொடங்கி எப்போது முடிகிறது, அன்றைய அபரான்னம் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, குருக்கள் எத்தனை மணிக்கு வருகிறார். அக்கா அங்கே இருந்து ஒரு வரி போட்டாள்: “என்ரை கலண்டரிலை வேறை நாள் கிடக்கு, ஆனா விளங்கிட்டுது.”